நாற்பத்திரண்டும் அறுபத்தொன்றும்: நான்கு கட்ட அட்டவணையில் ஒரு கை வர்க்கச் சோதனை

(காரைக்குடியில் செயலாராய்ச்சி குறித்து நடைபெற்ற ஆசிரியர் பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாராய்ச்சி என்றதும் நாம் முதலில் செய்வது ஒரு கணக்கெடுப்பு. கேள்வித்தாள் கொடுப்போம், எண்ணுவோம், சதவீதம் போடுவோம், சார்ட்டில் பட்டை வரைவோம். ஒரு பட்டை உயரமாகவும் மற்றொன்று குட்டையாகவும் இருந்தால் உடனே முடிவு எழுதிவிடுவோம். நானும் அப்படித்தான் செய்தேன். அந்தச் சார்ட்டால் சில பெற்றோர்கள் ஒரு நாள் கூலியை இழக்க இருந்தார்கள். அதைத் தடுத்தது நான்கு கட்டங்களில் போட்ட ஒரு சிறிய கணக்கு. அதை உங்களோடு சேர்ந்து இன்று மறுபடியும் போட்டுப் பார்க்கிறேன்.

எங்கள் பள்ளிக்கு ஊருக்குள்ளிருந்து நடந்தும் மிதிவண்டியிலும் வரும் பிள்ளைகள் உண்டு. சுற்றுக் கிராமங்களிலிருந்து பஸ்ஸில் வரும் பிள்ளைகளும் உண்டு. "பஸ் பிள்ளைகள் வீட்டுப்பாடமே செய்வதில்லை" என்ற பேச்சு ஆசிரியர் அறையில் அடிக்கடி எழும். அது மெய்யா என்று பார்க்க ஒன்பதாம் வகுப்பில் ஒரு கணக்கெடுப்பு நடத்தினேன். எந்தப் பிள்ளையையும் அடையாளம் காண முடியாதபடியும், கரும்பலகையில் கணக்கிட எளிதாகவும் எண்களைச் சற்று மாற்றித் தருகிறேன்.

| | வீட்டுப்பாடம் முடித்தவர் | முடிக்காதவர் | மொத்தம் |
|---|---|---|---|
| பஸ்ஸில் வருவோர் | 10 | 14 | 24 |
| உள்ளூரார் | 22 | 14 | 36 |
| மொத்தம் | 32 | 28 | 60 |

பஸ்ஸில் வருவோர் 24 பேரில் 10 பேர், அதாவது 42 சதவீதம் முடித்திருந்தார்கள். உள்ளூரார் 36 பேரில் 22 பேர், அதாவது 61 சதவீதம். பத்தொன்பது சதவீத வித்தியாசம்! சார்ட்டில் பார்த்தால் மலையும் மடுவுமாகத் தெரிந்தது. கூட்டத்தில் அதை ஒட்டியதும், "பஸ்ஸில் வரும் பிள்ளைகளின் பெற்றோர்களை ஒரு வேலை நாளில் வரவழைத்துப் பேசிவிடுவோம்" என்று பேச்சு முடிவானது. அவர்களில் பலர் அன்றாடக் கூலிக்குப் போகிறவர்கள்.

அப்போது எங்கள் கணித ஆசிரியை ஒரு கேள்வி கேட்டார். "சார், இந்த அறுபது பிள்ளைகளின் பெயரையும் சீட்டில் எழுதிக் குலுக்கி, கண்ணை மூடிக்கொண்டு இருபத்து நான்கு சீட்டு எடுத்திருந்தால் எத்தனை பேர் வீட்டுப்பாடம் முடித்தவராக இருந்திருப்பார்கள்?" எனக்குப் பதில் தெரியவில்லை. இன்று நாம் பார்க்கப்போவது முழுக்க அந்தக் கேள்விக்கான பதில்தான்.

முதலில் கையாலேயே செய்து பார்ப்போம். அறுபது புளியங்கொட்டை எடுத்துக்கொள்ளுங்கள். தாயத்துக்கு உரசுவோமே, அதுபோல முப்பத்திரண்டை உரசி வெள்ளை தெரியச் செய்யுங்கள். அவை வீட்டுப்பாடம் முடித்தவர்கள். உரசாத இருபத்தெட்டும் முடிக்காதவர்கள். எல்லாவற்றையும் ஒரு துணிப்பையில் போட்டுக் குலுக்கி, பார்க்காமல் இருபத்து நான்கை எடுங்கள். எத்தனை வெள்ளை? ஒருமுறை பதின்மூன்று வரும், அடுத்த முறை பதினொன்று, பிறகு பதினைந்து. புளியங்கொட்டைக்குப் பஸ்ஸும் தெரியாது, வீட்டுப்பாடமும் தெரியாது. ஆனாலும் எண்ணிக்கை ஏறி இறங்குகிறது. நூறு முறை எடுத்தால் சுமார் பத்துப் பன்னிரண்டு முறை பத்து வெள்ளையோ அதற்கும் குறைவாகவோ வரும். எங்கள் வகுப்பில் வந்ததும் பத்துதான். அதாவது பயண முறைக்கும் வீட்டுப்பாடத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லாவிட்டாலும் இப்படி ஓர் அட்டவணை வருவது அரிதல்ல.

ஒவ்வொரு கணக்கெடுப்புக்கும் நூறு முறை பைக்குள் கைவிட முடியாது அல்லவா? அதற்குப் பதிலாகத்தான் கார்ல் பியர்சன் 1900ஆம் ஆண்டில் கை வர்க்கச் சோதனையை வெளியிட்டார். கை என்பது நம் கையன்று, χ என்ற கிரேக்க எழுத்து. சோதனையின் படிகள் நான்கு.

முதல் படி, ஓர் எதிர்க்கட்சிக் கூற்றை எழுதிக்கொள்வது. "பயண முறைக்கும் வீட்டுப்பாடத்துக்கும் தொடர்பில்லை, இரண்டும் ஒன்றையொன்று சாராதவை." பாடநூல் இதை இன்மைக் கருதுகோள் என்கிறது. நாம் நிரூபிக்க விரும்புவதை விட்டுவிட்டு, அதற்கு மாறானதை முதலில் ஏற்றுக்கொண்டு தொடங்குகிறோம்.

இரண்டாம் படி, அந்தக் கூற்று உண்மையானால் ஒவ்வொரு கட்டத்திலும் எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்று காண்பது. வகுப்பில் மொத்தம் 60 பேரில் 32 பேர் முடித்தவர்கள். தொடர்பில்லை என்றால் பஸ்ஸில் வரும் 24 பேரிலும் அதே விகிதம் இருக்க வேண்டும். ஆகவே 24 × 32 ÷ 60 = 12.8. நிரை மொத்தத்தையும் நிரல் மொத்தத்தையும் பெருக்கி, முழு மொத்தத்தால் வகுக்கிறோம், அவ்வளவுதான். மற்ற மூன்று கட்டங்களுக்கும் இப்படியே 11.2, 19.2, 16.8 என்று வரும். "பன்னிரண்டே முக்கால் பிள்ளை எப்படி வரும்?" என்று மாணவர் கேட்பார்கள். அது எதிர்பார்க்கும் சராசரி. கிரிக்கெட் வீரரின் சராசரி ஓட்டம் 43.6 என்பது போல. இதை முழு எண்ணாக மாற்றக் கூடாது.

மூன்றாம் படி, கண்டதற்கும் எதிர்பார்த்ததற்கும் உள்ள விலகலை அளப்பது. கண்டதை O என்றும் எதிர்பார்த்ததை E என்றும் எழுதுவோம்.

χ² = Σ (O − E)² / E

முதல் கட்டத்தில் 10 − 12.8 = −2.8. மற்ற கட்டங்களில் +2.8, +2.8, −2.8. அப்படியே கூட்டினால் சுழியாகிவிடும், அதனால் வர்க்கப்படுத்துகிறோம். நான்கிலும் 7.84. பிறகு ஏன் E ஆல் வகுக்கிறோம்? நூறு பேரை எதிர்பார்த்த இடத்தில் மூன்று பேர் குறைவது சிறு விஷயம். ஐந்து பேரை எதிர்பார்த்த இடத்தில் மூன்று பேர் குறைவது பெரிய விஷயம். அந்த வேறுபாட்டைத்தான் வகுத்தல் கவனித்துக்கொள்கிறது.

7.84 ÷ 12.8 = 0.61
7.84 ÷ 11.2 = 0.70
7.84 ÷ 19.2 = 0.41
7.84 ÷ 16.8 = 0.47

கூட்டினால் χ² = 2.19.

நான்காம் படி, இந்த 2.19 பெரிதா சிறிதா என்று அட்டவணையில் பார்ப்பது. அதற்கு முன் கட்டின்மைக் கூறு எத்தனை என்று தெரிய வேண்டும். பல பாடநூல்களில் (நிரை − 1) × (நிரல் − 1) என்று சூத்திரம் மட்டும் இருக்கும். காரணத்தை எளிதாகக் காட்டலாம். கரும்பலகையில் மொத்தங்களை மட்டும் எழுதி, நான்கு கட்டங்களையும் காலியாக விடுங்கள். ஒரு மாணவரை அழைத்து ஏதாவது ஒரு கட்டத்தில் ஓர் எண் எழுதச் சொல்லுங்கள். அவர் முதல் கட்டத்தில் 10 எழுதினால் அடுத்தது 14 ஆகத்தான் இருக்கும். கீழே 22, பக்கத்தில் 14. ஒரே ஓர் இடத்தில்தான் விருப்பம்போல் எழுத முடிந்தது. எனவே கட்டின்மைக் கூறு 1.

இது சின்ன விஷயம் என்று நினைக்க வேண்டாம். சோதனையைக் கண்டுபிடித்த பியர்சனே 2 × 2 அட்டவணைக்கு இதை 3 என்று கொண்டார். 1922இல் ரொனால்டு ஃபிஷர்தான் அது 1 என்று திருத்தினார். கட்டின்மைக் கூறு 1 எனில் 5 சதவீத நிலையில் எல்லை மதிப்பு 3.84; 3 எனில் 7.81. தவறான எல்லையை வைத்தால் உண்மையான தொடர்புகள் பலவும் கண்ணில் படாமல் போயிருக்கும்.

எங்கள் மதிப்பு 2.19. எல்லை 3.84. நாங்கள் எல்லையைத் தொடவில்லை. எனவே, "தொடர்பில்லை" என்ற கூற்றைத் தள்ளிவிட இந்த அறுபது பேரின் கணக்கு போதாது.

இந்த வாக்கியத்தைக் கவனமாகப் படியுங்கள். "பஸ்ஸுக்கும் வீட்டுப்பாடத்துக்கும் தொடர்பில்லை என்று நிரூபணமாகிவிட்டது" என்று நான் சொல்லவில்லை. போதிய சாட்சி இல்லாததால் விடுவிக்கப்படுவது வேறு, குற்றமற்றவர் என நிறுவப்படுவது வேறு. இதே சதவீதங்கள் இரு மடங்கு பிள்ளைகளிடம், அதாவது 20, 28, 44, 28 என்று 120 பேரிடம் வந்திருந்தால் χ² மதிப்பும் இரு மடங்காகி 4.38 ஆகியிருக்கும். அது எல்லையைத் தாண்டிவிடும். சதவீதம் மாறவில்லை, சாட்சியின் கனம்தான் மாறியது. சார்ட்டில் நான் வரைந்த பட்டைகளில் இந்தக் கனம் எங்கும் தெரியவில்லை. சதவீதத்துக்குப் பக்கத்தில் எத்தனை பேர் என்றும் எழுத வேண்டும் என்பதற்கு இதுவே காரணம்.

இனி, நம் ஆய்வறிக்கைகளில் இந்தச் சோதனை எங்கே தவறிப் போகிறது என்று பார்ப்போம். நான் கண்ட தவறுகளில் மூன்றை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, எண்ணிக்கைக்குப் பதிலாகச் சதவீதத்தைக் கட்டங்களில் போடுவது. 42, 58, 61, 39 என்று எழுதிக் கணக்கிட்டால் χ² 7.23 வரும். இரண்டேகால்கூட இல்லாத மதிப்பு ஏழுக்கு மேல் ஏறிவிட்டது! இதைக் கண்டுபிடிப்பது எளிது. அட்டவணையின் முழு மொத்தத்தைப் பாருங்கள். 200 என்று இருக்கும், ஆனால் வகுப்பில் இருப்பதோ 60 பேர். மொத்தம் ஆள் எண்ணிக்கையோடு ஒத்துப்போகவில்லை என்றால் கணக்கை அங்கேயே நிறுத்திவிடலாம்.

இரண்டாவது, ஒரே பிள்ளையைப் பலமுறை எண்ணுவது. திங்கள் முதல் வெள்ளி வரை ஐந்து நாளும் குறிப்பெடுத்து, 60 பேரை 300 பதிவுகளாக்கி அட்டவணை போடுவோம். "தரவு அதிகம், ஆய்வு வலுவானது" என்று தோன்றும். ஆனால் திங்களன்று செய்யாத பிள்ளை செவ்வாயன்றும் செய்யாமலிருக்கவே வாய்ப்பு அதிகம். ஐந்து பதிவும் ஒரே பிள்ளையின் குரல்தான். அதே விகிதத்தில் ஐந்து மடங்காக்கினால் 2.19 என்பது 10.94 ஆகிவிடும். இந்தச் சோதனையில் ஒருவர் ஒரு கட்டத்தில் ஒரே ஒருமுறைதான் இருக்கலாம். ஐந்து நாள் குறிப்பு இருந்தால் "மூன்று நாளோ அதற்கு மேலோ முடித்தவர்" என்பது போல ஓர் அளவுகோலை வைத்து, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரே விடையாக்கிக்கொள்ள வேண்டும். அந்த அளவுகோலையும் கணக்கெடுப்புக்கு முன்பே முடிவு செய்துவிட வேண்டும்.

மூன்றாவது, கட்டங்களை மிகவும் பொடியாக்குவது. நான் முதலில் நடை, மிதிவண்டி, பஸ், ஷேர் ஆட்டோ என்று நான்கு வகை வைத்திருந்தேன். ஆட்டோவில் வந்தவர்கள் நான்கே பேர். அவர்களில் வீட்டுப்பாடம் முடிக்காதவர்களாக எதிர்பார்ப்பது 4 × 28 ÷ 60 = 1.87. இவ்வளவு சிறிய எண்ணால் வகுக்கும்போது ஒரே ஒரு பிள்ளை இடம் மாறினாலும் χ² துள்ளிக் குதிக்கும். எதிர்பார்க்கும் எண் எந்தக் கட்டத்திலும் 5க்குக் குறையக் கூடாது என்பது நடைமுறை விதி. கவனியுங்கள், எதிர்பார்க்கும் எண்தான் 5க்குக் குறையக் கூடாது. கண்ட எண் 3 ஆகவோ சுழியாகவோ இருந்தாலும் தடையில்லை. குறைந்தால் பொருள் பொருந்தும் வகைகளை இணைக்கலாம். ஆட்டோவை உள்ளூராரோடு சேர்ப்பதா, பஸ்ஸோடு சேர்ப்பதா என்பதைப் பிள்ளையின் ஊரைப் பார்த்து முடிவு செய்ய வேண்டுமே தவிர, எப்படிச் சேர்த்தால் 3.84ஐத் தாண்டும் என்று பார்த்துச் சேர்க்கக் கூடாது. இணைக்கவே வழியில்லாத மிகச் சிறிய 2 × 2 அட்டவணைக்கு ஃபிஷரின் துல்லியச் சோதனை இருக்கிறது. நம் புளியங்கொட்டைப் பையைக் கணிதமாக்கினால் வருவது அதுதான். சிறிய அட்டவணைகளுக்கு யேட்ஸ் 1934இல் ஒரு திருத்தமும் தந்தார். ஒவ்வொரு விலகலிலும் அரை குறைத்து, 2.8ஐ 2.3 ஆக்கிக் கணக்கிட வேண்டும். எங்கள் அட்டவணைக்கு அப்போது χ² 1.48 வருகிறது. முடிவு மாறவில்லை.

கணினி ஆய்வகம் உள்ள பள்ளிகளில் விரிதாளிலும் இதைச் செய்யலாம். கண்ட எண்கள் B2 முதல் C3 வரையிலும், எதிர்பார்க்கும் எண்கள் B7 முதல் C8 வரையிலும் இருந்தால்,

```
=CHISQ.TEST(B2:C3,B7:C8)
```

என்று தட்டச்சு செய்தால் 0.139 என்று வரும். இது χ² மதிப்பு அன்று. தொடர்பே இல்லாதபோதும் இவ்வளவோ இதற்கு மேலோ விலகல் வருவதற்கான நிகழ்தகவு. 0.139ஐ 3.84உடன் ஒப்பிட்டுவிடாதீர்கள். இதை 0.05உடன் ஒப்பிட வேண்டும். அதைவிடக் குறைவாக இருந்தால்தான் "தொடர்பில்லை" என்ற கூற்றைத் தள்ளலாம்.

ஒன்று கேட்கலாம். "சரி, மதிப்பு 3.84ஐத் தாண்டிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அப்போது பஸ்தான் காரணம் என்று சொல்லலாமா?" சொல்ல முடியாது. பஸ்ஸில் வருகிற பிள்ளைகளும் உள்ளூர்ப் பிள்ளைகளும் பஸ் ஒன்றில் மட்டுமா வேறுபடுகிறார்கள்? வீட்டு வேலை, பெற்றோர் வீடு திரும்பும் நேரம், டியூஷன் என்று இன்னும் பல இருக்கும். அவற்றில் எது காரணம் என்று இந்த நான்கு கட்டங்கள் சொல்லாது.

காரணத்தைப் பற்றிப் பேச வேண்டுமானால் எப்படித் தரவு திரட்ட வேண்டும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே உலகறிந்த எடுத்துக்காட்டு உண்டு. 1956இல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. நோயாளிகளை மருத்துவமனையில் பல மாதம் படுக்க வைத்துத்தான் குணப்படுத்த முடியும் என்று நம்பிய காலம் அது. அங்கே நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு வீட்டிலிருந்தபடியும், மறு பகுதியினருக்குச் சானடோரியத்திலும் ஒரே மருந்துகளைக் கொடுத்தார்கள். யார் வீட்டில், யார் சானடோரியத்தில் என்பதை நோயாளியோ மருத்துவரோ தேர்ந்தெடுக்கவில்லை. தற்செயல் முறையில் பிரித்தார்கள். 1959இல் வெளியான முடிவில் இரு பிரிவினரும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமடைந்திருந்தார்கள். வீட்டிலிருந்தே சிகிச்சை என்பது உலகெங்கும் பரவ அது வழிவகுத்தது. அங்கும் அடிப்படையில் நம்முடையதைப் போன்ற இருவழி ஒப்பீடுதான்: இரண்டு பிரிவு, குணமடைந்தவர், குணமடையாதவர். ஆனால் குலுக்கிப் பிரித்ததால் இரு பிரிவும் மற்ற எல்லாவற்றிலும் ஒத்திருந்தன என்று நம்ப இடமிருந்தது. நம் வகுப்புக் கணக்கெடுப்பில் யாரையும் நாம் குலுக்கிப் பஸ்ஸில் ஏற்றவில்லை. ஆகவே "தொடர்பு உண்டா" என்பதோடு நம் கேள்வி நிற்க வேண்டும்.

எங்கள் பள்ளிக்கே திரும்ப வருகிறேன். கணக்கைப் போட்டு முடித்ததும் கணித ஆசிரியை அட்டவணையின் நடு நிரலைக் காட்டினார். முடிக்காதவர்கள் பஸ்ஸில் 14, உள்ளூரில் 14. "பஸ் பிள்ளைகளின் பெற்றோரை மட்டும் கூப்பிட்டால், முடிக்காத இருபத்தெட்டுப் பேரில் பாதிப் பேரை விட்டுவிடுகிறோமே சார்" என்றார். எத்தனையோ முறை பார்த்த அட்டவணை அது. சதவீதமாக மாற்றிய பிறகு நான் மூல எண்களைத் திரும்பிப் பார்க்கவே இல்லை.

பெற்றோர்களை அழைக்கும் முடிவைத் தலைமையாசிரியர் கைவிட்டார். முடிக்காத இருபத்தெட்டுப் பிள்ளைகளிடமும், எங்கிருந்து வருகிறார்கள் என்று பாராமல், தனித்தனியே பேசினோம். பயணம் பற்றிய கேள்வியை மூடிவிடவில்லை. அடுத்த பருவத்தில் மற்றப் பிரிவுகளையும் சேர்த்து, ஒரே கேள்வியாக, முன்கூட்டியே எழுதி வைத்த அளவுகோலோடு மறுபடி கணக்கெடுப்பதென்று முடிவு செய்திருக்கிறோம். அப்போது 3.84ஐத் தாண்டினால் பஸ் நேரம் பற்றிப் போக்குவரத்துக் கிளைக்கு எழுத நம்மிடம் சாட்சி இருக்கும். தாண்டாவிட்டால் ஆசிரியர் அறையின் அந்தப் பழைய பேச்சை நிறுத்த நியாயம் இருக்கும்.

இப்போது உங்கள் மேசை மேல் ஒரு துணிப்பையும் அறுபது புளியங்கொட்டைகளும் இருக்கின்றன. உரசியவை முப்பத்திரண்டு. குழுவுக்கு ஒருவர் பார்க்காமல் இருபத்து நான்கை எடுத்து, வெள்ளையை எண்ணிப் பலகையில் எழுதுங்கள். பத்து எத்தனை முறை வருகிறது என்று சேர்ந்தே பார்ப்போம்.